அக்கரைக் கடை பக்கத்துக் கடையா?

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறை. இரவு ஒன்பதரை மணி. ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வேண்டும். கைபேசியை எடுத்து, அருகிலுள்ள மருந்துக் கடைகளைக் காட்டும் ஒரு செயலியைத் திறக்கிறார். பட்டியலில் முதலில் நிற்கும் கடை 650 மீட்டரில் இருப்பதாகச் சொல்கிறது. பத்து நிமிடத்தில் போய் வந்துவிடலாம் என்று கிளம்பிய பிறகுதான் தெரிகிறது, அந்தக் கடை காவிரிக்கு அக்கரையில் இருக்கிறது. போக வேண்டுமானால் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும்.

செயலி பொய் சொல்லவில்லை. பறவைக்கு அது 650 மீட்டர்தான். மனிதருக்கு எது பக்கம் என்று அதை எழுதியவர் கேட்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘பக்கத்தில்’ என்ற ஒரு சின்னச் சொல்லைக் கணினிக்குப் புரியவைக்க மூன்று சல்லடைகள் வேண்டும். முதல் சல்லடை பெருங்கண் கொண்டது, வேகமானது. கடைசிச் சல்லடை மிக நுண்ணியது, ஆனால் நேரம் பிடிப்பது. இந்த மூன்றையும் திருச்சியையே களமாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு எண்களில் ஓர் இடம்

பூமியில் எந்த இடத்தையும் இரண்டு எண்களால் குறிக்கலாம். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எவ்வளவு என்பது அட்சரேகை. கிரீன்விச்சிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பது தீர்க்கரேகை. திருச்சி மலைக்கோட்டையின் அட்சரேகை ஏறக்குறைய 10.8280 டிகிரி, தீர்க்கரேகை 78.6972 டிகிரி. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு 10.8625, 78.6897.

டிகிரி என்பது கோண அளவு. நமக்கு வேண்டியது மீட்டர். வடக்கு தெற்காக ஒரு டிகிரி நகர்ந்தால் எங்கே இருந்தாலும் சுமார் 111.2 கிலோமீட்டர். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம் ஒன்று மாறினால் 111 மீட்டர் தள்ளிப்போகும். நான்காம் இலக்கம் என்றால் 11 மீட்டர். ஐந்தாம் இலக்கம் என்றால் ஒரு மீட்டர் சொச்சம். கடையின் வாசலைக் குறிக்க ஐந்து இலக்கம் போதும். மூன்று இலக்கத்தோடு நிறுத்திவிட்டால் கடை அடுத்த தெருவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கிழக்கு மேற்காக நகரும்போது கதை வேறு. தீர்க்கரேகைகள் பூமத்திய ரேகையில் விரிந்திருந்து, துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி, துருவத்தில் ஒரே புள்ளியில் கூடிவிடுகின்றன. உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப் போல. அதனால் கிழக்கு மேற்கு டிகிரியின் நீளத்தை, அந்த இடத்து அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்கிக் குறைக்க வேண்டும். திருச்சியில் அந்த மதிப்பு 0.982. ஆகவே இங்கே ஒரு டிகிரி 109.2 கிலோமீட்டர்.

111.2க்கும் 109.2க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. திருச்சியில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர் இந்தத் திருத்தத்தை மறந்தாலும், தூரம் இரண்டு சதவீதத்துக்கு மேல் பிசகாது. சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதே நிரலைக் கனடாவில், தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவில் ஓட்டினால் என்ன ஆகும்? அங்கே ஒரு டிகிரி தீர்க்கரேகை 80 கிலோமீட்டர்தான். கிழக்கே 800 மீட்டரில் இருக்கும் கடையை நிரல் 1,100 மீட்டர் என்று சொல்லும். வடக்கே 1,000 மீட்டரில் இருக்கும் கடையைச் சரியாக 1,000 என்றே சொல்லும். பட்டியலில் தூரத்துக் கடை மேலே ஏறி, பக்கத்துக் கடை கீழே இறங்கிவிடும். தமிழ்நாட்டில் சோதித்ததால் மட்டும் கண்ணில் படாமல் போகிற பிழை இது.

முதல் சல்லடை: ஒரு சதுரம்

மலைக்கோட்டை வாசலில் நின்றுகொண்டு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் மருந்துக் கடைகளைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் தமிழ்நாடு முழுவதன் கடைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கடைக்கும் தூரம் கணக்கிட்டால் நாகர்கோவில் கடைக்கும் கும்மிடிப்பூண்டிக் கடைக்கும் கணக்குப் போட வேண்டிவரும். ஒருவர் கேட்டால் சமாளிக்கலாம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் கணினி திணறும்.

அதனால் முதலில் வெறும் ஒப்பிடுதல். ஒரு கிலோமீட்டர் என்பது அட்சரேகையில் 0.0090 டிகிரி, திருச்சியில் தீர்க்கரேகையில் 0.0092 டிகிரி. நம் இடத்தின் எண்களோடு இவற்றைக் கூட்டியும் கழித்தும் ஒரு சதுரம் வரைந்து, அதற்குள் இருப்பவற்றை மட்டும் கேட்கிறோம்.

```sql
SELECT name, lat, lon FROM shops
WHERE lat BETWEEN 10.8190 AND 10.8370
  AND lon BETWEEN 78.6880 AND 78.7064;
```

இதில் கோணமும் இல்லை, கொசைனும் இல்லை. பெரியதா சிறியதா என்ற கேள்வி மட்டும்தான். `lat`, `lon` இரண்டுக்கும் தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் போட்டிருந்தால், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் பார்த்துப் பக்கத்தைத் திறப்பது போல, கணினி தேவையான வரிசைக்கு நேராகப் போய்விடும். மாநிலம் முழுவதும் கிடந்த கடைகளில் இப்போது நம் கையில் நிற்பவை சில பத்துகள்.

சதுரம் காலியாக இருந்தால்? சிற்றூர்களில் அப்படித்தான் இருக்கும். அப்போது சதுரத்தை இரண்டு கிலோமீட்டராக்கி, பிறகு ஐந்தாக்கி, போதிய கடைகள் கிடைக்கும்வரை பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். ‘கடைகள் இல்லை’ என்று பட்டியலை வெறுமனே விடுவது, ஐந்து கிலோமீட்டர் தள்ளியாவது மருந்து கிடைக்குமா என்று தவிப்பவருக்கு உதவாது.

இரண்டாம் சல்லடை: பூமியின் வளைவு

சதுரத்துக்கு மூலைகள் உண்டு. வடகிழக்கு மூலையருகே 10.8360, 78.7054 என்ற புள்ளியில் ஒரு கடை இருப்பதாகக் கொள்வோம். அது சதுரத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் வடக்கே 890 மீட்டர், கிழக்கே 896 மீட்டர். நேர்க்கோட்டில் 1,262 மீட்டர். ஒரு கிலோமீட்டர் கேட்டவருக்கு இது பொருந்தாது. மாறாக 10.8316, 78.6990 புள்ளியில் இருக்கும் கடை வடக்கே 400 மீட்டர், கிழக்கே 197 மீட்டர். நேர்க்கோட்டில் 446 மீட்டர். இது நிற்கும். மூலையில் இருப்பவற்றைக் களையவும், மீதியைத் தூர வரிசையில் அடுக்கவும் உண்மையான தூரக் கணக்கு இங்கே தேவைப்படுகிறது.

ஊருக்குள் இந்தக் கணக்கைப் பள்ளியில் படித்த பிதகோரஸ் தேற்றத்தாலேயே போட்டுவிடலாம். மேலே நாம் செய்தது அதுதான். தூரம் கூடும்போதும் துருவங்களை நெருங்கும்போதும் அது பிசகும். எங்கேயும் கைகொடுப்பது ஹாவர்சைன் சூத்திரம். கப்பலோட்டிகள் கடலில் தூரம் கணக்கிடப் பயன்படுத்தியது. அந்தப் பெயரை 1835இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் கடற்படையினருக்குக் கப்பலோட்டும் கணிதம் கற்பித்த ஜேம்ஸ் இன்மன்.

```python
from math import radians, sin, cos, asin, sqrt

def distance_m(lat1, lon1, lat2, lon2):
    p1, p2 = radians(lat1), radians(lat2)
    dp = p2 - p1
    dl = radians(lon2 - lon1)
    a = sin(dp/2)**2 + cos(p1)*cos(p2)*sin(dl/2)**2
    return 2 * 6371000 * asin(sqrt(a))
```

இதில் 6371000 என்பது மீட்டர் கணக்கில் பூமியின் சராசரி ஆரம். `radians` என்ற சொல்லை விட்டுவிட்டால் நிரல் பிழை எதுவும் காட்டாது. பொருளற்ற ஓர் எண்ணைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். ஆகவே நிரல் எழுதியதும் விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கம் கோயிலுக்கும் மேலே கொடுத்த எண்களைப் போட்டால் 3.9 கிலோமீட்டர் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு.

இதைவிட எளிய கோளச் சூத்திரம் ஒன்று உண்டு. அது கொசைனை மட்டுமே நம்பியது. அதில் ஒரு சிக்கல். தூரம் சிறியதாகும்போது கொசைன் மதிப்பு ஒன்றை ஒட்டிப் போய்விடும். ஒரு கிலோமீட்டருக்கு அது 0.9999999877. ஏழு இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் கணினி இதை 1 என்று எடுத்துக்கொண்டு, தூரம் பூஜ்யம் என்று சொல்லிவிடும். வானியல் எழுத்தாளர் சின்னாட் 1984இல் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழில் இந்தக் குறையைக் காட்டி ஹாவர்சைனைப் பரிந்துரைத்தார். இன்றைய கணினிகள் பதினைந்து இலக்கம் வரை வைத்துக்கொள்வதால் சிக்கல் குறைந்துவிட்டது. ஆனாலும் பக்கத்துக் கடை தேடுகிறவருக்கு எல்லாத் தூரமும் சிறிய தூரம்தான். சிறிய தூரத்தில் தளராத சூத்திரமே நமக்கு ஏற்றது.

பூமி சரியான உருண்டை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பூமத்திய ரேகையில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. ஹாவர்சைன் இதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் வரும் பிழை அதிகம் போனால் அரை சதவீதம், அதாவது ஒரு கிலோமீட்டரில் ஐந்து மீட்டர். மருந்துக் கடை தேடுவதற்கு இது பொருட்டல்ல. நிலம் அளக்கிறவருக்குப் பொருட்டு.

எண்களே தவறாக இருந்தால்

சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், கொடுக்கும் எண்கள் தவறாக இருந்தால் பயனில்லை. நான் அதிகம் பார்த்த தவறு, இரண்டு எண்களும் இடம் மாறிப்போவது. வரைபடத் திரைகளில் அட்சரேகையை முதலில் எழுதுவது வழக்கம். ஆனால் வரைபடத் தகவலைப் பரிமாறப் பயன்படும் GeoJSON வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். இங்கிருந்து அங்கே நகலெடுக்கும்போது மாறிவிட்டால், திருச்சிக் கடையின் அட்சரேகை 78.7, தீர்க்கரேகை 10.8 என்றாகிவிடும். அது வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்கு ஓரம்.

இதைப் பிடிக்க வழக்கமாக ஒரு சோதனை வைப்பார்கள்: அட்சரேகை 90ஐத் தாண்டக் கூடாது. டோக்கியோவின் தீர்க்கரேகை 139. இடம் மாறினால் உடனே மாட்டிக்கொள்ளும். நமக்கோ 78. சோதனையைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அதனால் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு நம் மாநிலத்தின் எல்லையையே சோதனையாக வைப்பது நல்லது. அட்சரேகை 8க்கும் 13.6க்கும் இடையில், தீர்க்கரேகை 76.2க்கும் 80.4க்கும் இடையில் இல்லாத கடை எதுவும் பட்டியலுக்குள் வரக் கூடாது. எண்ணே தெரியாததால் பூஜ்யம், பூஜ்யம் என்று பதிந்து, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாக் கடலில் மிதக்கும் கடைகளையும் இதே சோதனை பிடித்துவிடும்.

இன்னொரு தவறு நுட்பமானது. பழைய குறிப்புகளில் ஸ்ரீரங்கம் கோயில் 10 டிகிரி, 51 நிமிடம், 45 விநாடி என்று இருக்கும். இதை 10.5145 என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், ஒரு நிமிடத்துக்கு அறுபது விநாடி என்பதால் 51ஐ 60ஆலும், 45ஐ 3,600ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால்தான் 10.8625 வரும். தவறாக எழுதினால் கோயில் 38 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும். அது தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இருப்பதால் மேலே சொன்ன சோதனையில் சிக்காது. கடையின் ஊர்ப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கடைகளின் எண்கள் சரி என்றாலும், கேட்பவர் நிற்கும் இடம் சரியா? திறந்த வெளியில் கைபேசி ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே அது தடுமாறும். மேசைக் கணினியில் ஜிபிஎஸ்ஸே இருக்காது. இணைய இணைப்பை வைத்து ஊகித்து வேறு ஊரைக்கூடக் காட்டும். நல்ல வேளையாக, இணைய உலாவி இடத்தைச் சொல்லும்போது `accuracy` என்ற எண்ணையும் சேர்த்தே தருகிறது. இத்தனை மீட்டர் பிசகலாம் என்பதே அதன் பொருள். பலரும் அதைப் படிப்பதே இல்லை. அது 20 என்றால் கவலையில்லை. 3,000 என்று இருந்தால் ‘446 மீட்டர்’ என்று துல்லியமாகக் காட்டுவது அவரை ஏமாற்றுவதாகும். அப்போது வரைபடத்தைக் காட்டி, நிற்கும் இடத்தை அவரையே தொட்டுச் சொல்லக் கேட்பதுதான் நேர்மை.

மூன்றாம் சல்லடை: சாலை

மீண்டும் படித்துறைக்கு வருவோம். ஹாவர்சைனுக்கு ஆறு தெரியாது, ரயில் பாதை தெரியாது, முட்டுச் சந்து தெரியாது. இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது சாலைகளின் வலையமைப்பு. தன்னார்வலர்கள் கூடி வரையும் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ வரைபடத்தில் சாலைகளும் பாலங்களும் ஒன்றோடொன்று இணைந்த கோடுகளாக இருக்கின்றன. அதை வைத்து OSRM போன்ற வழி தேடும் மென்பொருள், நடந்து போனால் எவ்வளவு, வண்டியில் போனால் எவ்வளவு என்று சொல்லும்.

ஆனால் வழி தேடுவது சுலபமான வேலை அல்ல. ஒவ்வொரு கடைக்கும் தெருத் தெருவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாக் கடைகளுக்கும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எத்தனை கடைகளோடு நிறுத்தலாம்?

இதற்கு ஓர் அழகான விடை இருக்கிறது. சாலைத் தூரம் ஒருபோதும் நேர்க்கோட்டுத் தூரத்தைவிடக் குறையாது. இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால் போதும். படித்துறைக்காரரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கடைகளும் தூரங்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நேர்க்கோட்டு வரிசையில் நான்கு கடைகள்: அக்கரையில் 650 மீட்டர், ராஜகோபுரம் போகும் சாலையில் 900 மீட்டர், அதைத் தாண்டி 1,100 மீட்டர், 1,600 மீட்டர்.

முதல் கடைக்குச் சாலைத் தூரம் கேட்கிறோம். பாலம் சுற்றி 2,400 மீட்டர். இப்போதைக்கு நம் கையில் இருப்பது அதுதான். இரண்டாவது கடைக்குக் கேட்கிறோம். 1,000 மீட்டர். இது மேல். மூன்றாவதைக் கேட்க வேண்டுமா? அதன் நேர்க்கோட்டுத் தூரமே 1,100. சாலை வழியே போனால் அதற்குக் குறையாது. கையில் இருக்கும் 1,000ஐ அது வெல்ல வழியே இல்லை. அதற்குப் பின்னால் நிற்கும் எந்தக் கடையும் வெல்லாது. இரண்டே கேள்வியில், மாநிலத்தின் எல்லாக் கடைகளையும் கேட்டால் எந்த விடை வருமோ அதே விடை கிடைத்துவிட்டது.

மூன்று சல்லடைகளும் ஒன்றையொன்று தாங்குவது இங்கே தெரிகிறது. சதுரம் இல்லாமல் ஹாவர்சைன் திணறும். ஹாவர்சைன் தந்த வரிசை இல்லாமல், சாலைக் கேள்வியை எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பக்கத்து ஐந்து கடைகள் வேண்டும் என்றால், கையில் இருக்கும் ஐந்தாவது கடையின் சாலைத் தூரத்தை, அடுத்து நிற்கும் கடையின் நேர்க்கோட்டுத் தூரம் தாண்டிய பிறகே நிறுத்த வேண்டும். சதுரத்தின் அளவும் அந்தத் தூரத்தை உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் சதுரத்தில் கிடைத்த ஒரே கடைக்குச் சாலை வழி 2,400 மீட்டர் என்றால், சதுரத்தை 2,400 மீட்டராக விரித்து இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும். 1,100 மீட்டரில், ஆற்றுக்கு இக்கரையிலேயே ஒரு கடை இருக்கக்கூடும்.

கடைகள் எங்கிருந்து வரும்?

கடைகளின் பட்டியலையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்தே எடுக்கலாம். அதற்கு நன்றி தெரிவித்துப் பெயரைக் குறிப்பிடுவது கட்டாயம். அங்கே கேள்வி கேட்கும் மொழியில் மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் என்பது இப்படி இருக்கும்:

```
nwr["amenity"="pharmacy"](around:1000,10.8280,78.6972);
out center;
```

இந்த இரண்டு வரிக்குள் இரண்டு பொறிகள் இருக்கின்றன. மளிகைக் கடை, துணிக்கடை எல்லாம் அங்கே `shop` என்ற குறியீட்டில் இருக்கின்றன; மருந்துக் கடை மட்டும் `amenity` என்ற குறியீட்டில். `shop` என்று மட்டும் தேடினால் கடைவீதி முழுவதும் வரும், மெடிக்கல் ஒன்றுகூட வராமல் போகலாம். அடுத்து, சில கடைகள் ஒரு புள்ளியாகவும் சில கடைகள் கட்டடத்தின் வடிவமாகவும் வரையப்பட்டிருக்கும். `nwr` என்று எழுதினால்தான் இரண்டும் வரும். `out center` என்று எழுதினால்தான் கட்டடத்துக்கும் நடுப்புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளி இல்லாமல் தூரம் கணக்கிட முடியாது.

வரைபடத்தில் இல்லாத கடையை எந்தச் சூத்திரமும் கண்டுபிடிக்காது. மூடிப்போன கடையை வரைபடத்தில் யாரும் நீக்கவில்லை என்றால் பட்டியலும் நீக்காது. ஆகவே பட்டியலை வெளியிடும் முன், சொந்த ஊரில் நமக்கு நன்றாகத் தெரிந்த மூன்று இடங்களில் நின்று அதைத் திறந்து பார்க்க வேண்டும்: கடைத்தெருவில் ஓரிடம், ரயில் பாதை ஓரமாக ஓரிடம், ஆற்றங்கரையில் ஓரிடம். கடைத்தெருவில் விடுபட்ட கடைகள் தெரியும். மற்ற இரண்டில் மூன்றாம் சல்லடை வேலை செய்கிறதா என்பது தெரியும். முதல் கடைக்குக் காலால் நடந்து, திரை சொன்ன தூரத்தோடு ஒப்பிட வேண்டும்.

அப்படிச் சரிபார்த்த பட்டியலை நம் படித்துறைக்காரர் திறந்திருந்தால், முதல் வரியில் ராஜகோபுரம் போகும் சாலைக் கடை 1,000 மீட்டர் என்று இருந்திருக்கும். அக்கரைக் கடை காணாமல் போயிருக்காது. ‘பாலம் வழியாக 2,400 மீட்டர்’ என்ற குறிப்போடு கீழே நின்றிருக்கும். முதல் கடை அந்நேரத்துக்குப் பூட்டியிருந்தால், அவர் அடுத்துத் தேடுவது அந்த வரியைத்தான்.